அவர் மேல் மட்டுமா, எல்லாவற்றின் மேலுமா?

கடலூரில் இருக்கிறோம். கணவர் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் எனக்குள் எதுவும் அசையவில்லை. கோபம்கூட வரவில்லை. காதல் தீர்ந்துவிட்டதோ என்று பயந்தேன்.

ஆனால் தங்கச்சி மகள் மடியில் ஏறிக் கன்னத்தைப் பிடித்தபோதும் மனசு அப்படியே கிடந்தது. அங்கேதான் சந்தேகம் வந்தது. அவரிடம் மட்டும் மரத்துப்போயிருந்தால் உறவுக்குள் காரணம் தேடலாம். வேலைச் சோர்வு என்றால் லீவில் கொஞ்சமாவது தெளியும். பொங்கல் லீவு முழுக்கத் தூங்கியும் எனக்குத் தெளியவில்லை.

புதுச்சேரியில் மனநல மருத்துவரைப் பார்த்தேன். கடந்த 2 வாரம் எப்படி இருந்தது என்று 9 கேள்விகள் கேட்டார், தைராய்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு சரியாக இருந்தது, மனச்சோர்வு என்றார். “பிரியலாமா என்ற முடிவை இப்போ எடுக்காதீங்கம்மா. மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும். சிலருக்கு மாத்திரையே உணர்ச்சியை மழுக்கும். அப்படித் தெரிஞ்சா நீங்களா நிறுத்தாம வந்து சொல்லுங்க.”

முதலில் மீன்குழம்பு ருசித்தது. பிறகு ஒருநாள், ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்கு அவர் மேல் சுள்ளென்று கோபம் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். பாசம் அதற்கப்புறம் மெதுவாகத்தான் வந்தது.