பாலைவன நாட்டு அலுவலகத்துக்கு உடுப்புத் தைக்கும்போது விடும் தவறுகள்

ரியாத்திலோ தோஹாவிலோ முதல் அலுவலக வேலை கிடைத்த பிள்ளைகள் பயணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது என்னிடம் வருவார்கள். கையில் பெரிய பை இருக்கும். புறக்கோட்டை கெய்சர் வீதியில் பாதி, வெள்ளவத்தை காலி வீதியில் மீதி என்று துணி வாங்கி முடித்திருப்பார்கள். "அன்ரி, கெதியா தைச்சுத் தாங்கோ" என்பார்கள். நான் சொல்வதற்கு எதையும் மிச்சம் வைத்திருக்க மாட்டார்கள். நான் ரியாத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்துவிட்டு வந்து இப்போது வீட்டில் தையல் செய்கிறேன். அங்கே உடுத்திருக்கிறேன், இங்கே தைக்கிறேன், இரண்டும் தெரியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். கையில்லாத சட்டை போடாதே, இறுக்கமான லெக்கின்ஸ் போடாதே என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். அதைச் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

லைனிங் துணியைத் தையற்காரரிடம் விட்டுவிடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். மேலே போடும் துணியைப் பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். கடைக்காரர் பத்துத் துணியை விரித்துக் காட்டவேண்டும், நிறத்தை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். உள்ளே வைக்கும் லைனிங்கை மட்டும் "நிறத்துக்கு ஏத்த மாதிரி ஏதாவது வையுங்கோ" என்று விட்டுவிடுவார்கள். பல தையல் கடைகளில் அந்த "ஏதாவது" பொலியெஸ்டர்தான். விலை குறைவு, வழுக்கும், உடுப்பு நன்றாக விழும், எல்லா நிறத்திலும் கிடைக்கும். கொழும்பில் போட்டுப் பார்த்தால் வியர்க்கும், அவ்வளவுதான். வேறு குறை எதுவும் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் கொழும்பின் காற்று. கடலோர ஊர், வருடம் முழுக்க ஈரப்பதன் அதிகம். துணிகள் ஒன்றோடொன்று உரசும்போது உண்டாகும் மின்னேற்றம் ஈரமான காற்றில் நிற்காமல் கசிந்துவிடும். ரியாத் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, நாட்டின் நடுவே இருக்கிறது. கோடையில் வெயில் 43 பாகையைத் தாண்டும், காற்றில் ஈரம் அநேகமாக இருக்காது. அந்தக் காற்றில் பொலியெஸ்டருக்கு ஏறும் மின்னேற்றம் போக வழியில்லாமல் துணியிலேயே தங்கிவிடும். பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொள்ளும். பொலியெஸ்டர் ஏறத்தாழ 0.4 சதவீதம்தான் பிடிக்கும். அதனால்தான் அதே காற்றில் பருத்தி சும்மா இருக்க, பொலியெஸ்டர் காலோடு ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டுவது என்றால் எப்படி? நடக்க நடக்க லைனிங் இரண்டு தொடைகளுக்கும் நடுவே ஏறும், மேல்துணி அதன்மேல் படியும், முழங்காலுக்குக் கீழே வரும் நீளமான சல்வார் மேலாடை உடம்பின் வடிவத்தை அப்படியே காட்டிக்கொண்டு நிற்கும். உடம்பு தெரியாமல் தளர்வாக இருக்கவேண்டும் என்றுதான் அந்த நீளத்தில் தைத்தோம். அலுவலகத்தின் நடுவழியில் ஒவ்வொரு பத்தடிக்கும் குனிந்து துணியை இழுத்து விடுகிற பிள்ளையைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அதைவிடப் பெரிய கவன ஈர்ப்பு எதுவும் இல்லை.

போன வருடம் ஒரு பிள்ளைக்கு இதுதான் நடந்தது. ரியாத்தில் ஒரு அலுவலகத்தில் ஆவணப் பிரிவு வேலை. வேறொரு இடத்தில் ஆறு சோடி தைத்துக்கொண்டு போனாள். ஆறும் ஜோர்ஜட், ஆறுக்கும் சட்டின் லைனிங். முதல் கிழமையிலேயே அழைப்பு எடுத்தாள். "அன்ரி, காலோட ஒட்டுது, கதவைத் தொட்டால் சுள்ளெண்டு அடிக்குது, கடையில காட்டன் எண்டுதானே சொன்னவங்கள்!" சொன்னது மேல்துணியைப் பற்றியோ லைனிங்கைப் பற்றியோ, யாருக்குத் தெரியும்? இரண்டுமே பருத்தி இல்லை. அங்கே தையற்காரரிடம் கொடுத்து லைனிங் மாற்ற விசாரித்தால், ஒரு உடுப்புக்குக் கேட்ட கூலியில் இங்கே புதிதாகவே ஒன்று தைக்கலாம். கடைசியில் இரண்டை மட்டும் மாற்றினாள். மற்ற நாலும் பெட்டிக்குள்.

அவளுக்கு நான் சொன்ன தற்காலிக வழிகளை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். காலுக்கு நன்றாகக் கிரீம் பூசினால் ஒட்டுவது குறையும், ஏனென்றால் வறண்ட தோலும் இதில் ஒரு பங்காளி. உள்ளே பருத்தி உள்பாவாடை போட்டால் இன்னும் குறையும். கம்பி ஹாங்கரை லைனிங்கின் உட்பக்கமாக மேலிருந்து கீழே ஒரு தடவை இழுத்தால் மின்னேற்றம் இறங்கும், ஆனால் கொஞ்சம் நடந்தால் திரும்ப ஏறிவிடும். துணி கழுவும்போது மென்மையாக்கி ஊற்றினால் அடுத்த கழுவல் வரைக்கும் ஓரளவு தாங்கும். எல்லாம் சமாளிப்புதான்.

சரியான வழி லைனிங்கையே பருத்தியில் வைப்பது. கேம்பிரிக் போதும், மல் என்றால் இன்னும் இலேசு. முழங்காலுக்குக் கீழே வரும் மேலாடைக்கு 44 அங்குல அகலத் துணியில் சுமார் இரண்டு மீற்றர் எடுங்கள். வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். இதைத் தையற்காரர் செய்வார் என்று நம்பாமல் வீட்டிலேயே செய்து கொண்டுபோய்க் கொடுங்கள். ஊறவைக்காத பருத்தி முதல் கழுவலில் 5 சதவீதம் சுருங்கினால், 40 அங்குல நீளத்தில் இரண்டு அங்குலம் போய்விடும். மேல்துணி சுருங்காது, லைனிங் மேலே இழுக்கும், விளிம்பு பலூன் மாதிரி உப்பி நிற்கும். கீழ் விளிம்பில் லைனிங்கையும் மேல்துணியையும் சேர்த்துத் தைக்காமல் தனித்தனியாக மடித்து அடிக்கச் சொல்லுங்கள். அப்படியென்றால் கொஞ்சம் சுருங்கினாலும் தெரியாது.

கடைக்காரர் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது? வாங்குவதற்கு முன் ஒரு சின்னத் துண்டு கேளுங்கள், கொடுப்பார்கள். வீட்டில் நாலைந்து நூலை உருவி முறுக்கி, பீங்கான் தட்டின்மேல் பிடித்து நெருப்பு வையுங்கள். பருத்தி காகிதம் எரிவது மாதிரி எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பல் விடும். பொலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறினதும் கறுத்த கடினமான மணியாகும். சாம்பலுக்குள் நெருநெருவென்று கட்டி அகப்பட்டால் இரண்டும் கலந்த துணி. விஸ்கோஸும் பருத்தி மாதிரியேதான் எரியும். ஆனால் ஒட்டுகிற விஷயத்தில் அது தொல்லை தராது, ஈரம் பிடிக்கும் துணிதான்.

ஏற்கனவே தைத்துவிட்டீர்கள் என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. லைனிங்கை மிதமான சூட்டில் அயர்ன் பண்ணி ஈரத்தைப் போக்குங்கள். சில நிமிடம் ஆறவிட்டு, ஒரு பொலித்தீன் பையால் நன்றாகத் தேய்த்துக் கையின் முடிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். முடி எழும்பினால், கொழும்பிலேயே இது என்றால் ரியாத்தில் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தோஹாவும் ஜித்தாவும் கடலோரம், அங்கே இந்தத் தொல்லை இல்லைதானே என்று கேட்பார்கள். வெளியே ஓரளவு சரி. தோஹாவில் ஓகஸ்ட், செப்ரெம்பரில் காற்றே ஈரமாகிவிடும். ஆனால் நாள் முழுக்க ஏசி ஓடும் அலுவலகத்துக்குள் காற்று வறண்டுவிடும். வெளியே வியர்வையில் ஒட்டிய லைனிங், உள்ளே போனதும் ஈரத்தோடு குளிர்ந்து முதுகில் கிடக்கும். காரணம் வேறு, குற்றவாளி அதே பொலியெஸ்டர்தான்.

கடை வெளிச்சத்தில் துணியைப் பார்ப்பது

கண்ணாடிச் சுவர் அலுவலகங்களில் சூரியன் உங்கள் பின்னால் இருக்கும். துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய், வெளிப்பக்கத்தில் கையை வைத்து உள்ளிருந்து பாருங்கள். விரல்களை எண்ண முடிந்தால் அந்தத் துணிக்கு லைனிங் வேண்டும், கைப்பகுதிக்கும் சேர்த்து. தையற்காரர்கள் கைக்கு லைனிங் வைக்காமல் விடுவது வழக்கம், வாய்விட்டுச் சொல்லாவிட்டால் வராது.

பக்கத் திறப்பு

வழக்கமான சல்வாருக்குத் திறப்பு இடுப்பிலேயே தொடங்கும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். விரல் நுனி படும் இடத்துக்குப் பக்கத்தில் தொடங்கச் சொல்லுங்கள். ஒன்று கவனம்: திறப்பு கீழே இறங்கினால் நடக்க இடம் குறையும். அதனால் கீழ் விளிம்பின் சுற்றளவைக் கூட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் திறப்பை மட்டும் இறக்கினால் படி ஏற முடியாது.

வெயிலுக்கு மட்டும் உடுப்பது

வெயிலில் நிற்பது வீட்டு வாசலிலிருந்து வாகனம் வரைக்கும், வாகனத்திலிருந்து அலுவலகக் கதவு வரைக்கும். மிச்ச நேரமெல்லாம் ஏசியில் உட்கார்ந்து நடுங்குவதுதான். முன்பக்கம் பொத்தான் வைத்த கார்டிகன் ஒன்றை மேசையிலேயே வையுங்கள். சால்வை வேண்டாம், தட்டச்சு செய்யும்போது வழுக்கி விழுந்துகொண்டே இருக்கும்.

அபாயாவைக் கொழும்பில் வாங்குவது

வாங்காதீர்கள். 2019இல் சவூதி சுற்றுலா விசாவைத் திறந்தபோதே, வெளிநாட்டுப் பெண்கள் அபாயா போடவேண்டியதில்லை, அடக்கமான உடுப்பு போதும் என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் உங்கள் அலுவலகத்தில் என்ன வழக்கம் என்பது வேறு கதை. போய்ப் பார்த்துவிட்டு, தேவை என்றால் அங்கேயே வாங்கலாம், தெரிவும் அங்கேதான் அதிகம்.

புதுச் சப்பாத்து

இங்கேயே போட்டு நடந்து பழக்குங்கள்.

ஆண்பிள்ளைகள்

இவர்களுக்கு உடுப்பு சுலபம் என்று நினைப்பார்கள். காற்சட்டையின் பொலியெஸ்டர் துணியும் அதே மாதிரிதான் காலுறையில் ஒட்டி, உட்கார்ந்து எழும்பும்போது கெண்டைக்கால் வரைக்கும் ஏறி நிற்கும். பருத்தியோ, கம்பளி கலந்த இலேசான துணியோ எடுங்கள். வெள்ளைச் சேட்டுக்குள் வெள்ளை பெனியன் போட்டால் அதன் வடிவம் பளிச்சென்று வெளியே தெரியும். இளம் சாம்பல் நிற பெனியன் போட்டால் தெரியாது. சேட்டே சாம்பலில் வேண்டாம், வியர்வைத் திட்டு அதில்தான் அதிகமாகத் தெரியும். கைமடிப்பை முழங்கைக்கு மேலே சுருட்டுவது சில அலுவலகங்களில் பிடிக்காது. முதல் மாதம் முழுக்கையைப் பொத்தான் போட்டே வைத்துவிட்டு, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.