ஹைபர்கலீமியா: கால்சியம் போடுவதற்கு முன்னும் பின்னும் நடக்கும் தவறுகள்

வந்திருப்பவருக்கு 58 வயது. சர்க்கரை நோய் இருக்கிறது, சிறுநீரகம் ஏற்கெனவே கொஞ்சம் பழுது. எனலாப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் சாப்பிடுகிறார். மூன்று நாளாக வயிற்றுப்போக்கு, ஆனால் மாத்திரையை நிறுத்தவில்லை. இன்று காலை கட்டிலை விட்டு எழக் காலில் வலுவில்லை. நாடி 38, ரத்த அழுத்தம் 90/60. ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 7.2, கிரியாட்டினின் 4.1, பைகார்பனேட் 14, சர்க்கரை 126. மாணவர்கள் எங்கெங்கே சறுக்குவார்கள் என்பதை இந்த ஒருவரை வைத்தே பார்த்துவிடலாம்.

முதல் சறுக்கல், "சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருக்கும், திரும்ப எடுத்து அனுப்பிவிட்டுப் பார்ப்போம்" என்று உட்கார்ந்துவிடுவது. சந்தேகம் நியாயமானதுதான். செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் 140க்கு மேல், வெளியே 4 சுமார். டியூபில் கொஞ்சம் சிவப்பணுக்கள் உடைந்தாலே எண் எகிறிவிடும். டூர்னிகேயை இறுக்கிக் கட்டிவிட்டுக் கையை மூடி மூடித் திறக்கச் சொன்னாலும் ஏறும். இடிடிஏ டியூபிலிருந்து ரத்தம் மற்ற டியூபுக்குப் போயிருந்தால் பொட்டாசியம் மிக அதிகமாகவும், கால்சியம் நம்பவே முடியாத அளவு குறைவாகவும் வரும். அந்த ஜோடியைப் பார்த்தால் டியூபைச் சந்தேகப்படுங்கள்.

ஆனால் இந்தச் சந்தேகம் யாருக்குப் பொருந்தும்? சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, ஈசிஜி சுத்தமாக இருக்கிறது, ஆள் எழுந்து நடமாடுகிறார் என்றால் பொருந்தும். நம்மவருக்கு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. சாம்பிளைத் திரும்ப அனுப்புங்கள், பிளட் கேஸ் மெஷின் இருந்தால் சில நிமிடங்களில் எண் கிடைத்துவிடும். சிகிச்சை மட்டும் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

அடுத்து ஈசிஜி. பாடத்தில் படிப்படியாகப் படித்திருப்பீர்கள்: முதலில் டி அலை உயர்ந்து கூர்மையாகும், பிறகு பிஆர் இடைவெளி நீளும், பி அலை தட்டையாகி மறையும், கியூஆர்எஸ் அகலும், கடைசியில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து சைன் அலையாகும். படம் சரிதான், ஆனால் இதயம் இந்த வரிசையில்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. பொட்டாசியம் 7ஐத் தாண்டியும் ஈசிஜி ஏறக்குறைய நார்மலாக இருந்தவர்கள் உண்டு. அவர்களுக்கும் ரிதம் திடீரென்று கெடலாம். அதனால் நார்மல் ஈசிஜியைக் காட்டி மானிட்டரைக் கழற்றிவிடாதீர்கள்.

டி அலையின் உயரத்தை மட்டும் அளப்பதும் தவறு. உயரத்தைவிட அதன் வடிவம் முக்கியம்: இரண்டு பக்கமும் சமமாக ஏறி இறங்கி, அடி குறுகி, நுனி ஊசி போல இருக்கும். மாரடைப்பின் ஆரம்பத்தில் வரும் பெரிய டி அலைக்கு அடிப்பாகம் அகலமாக இருக்கும்.

நம்மவரின் ஈசிஜியில் பி அலையே இல்லை, கியூஆர்எஸ் 160 மில்லிசெகண்ட், டி அலை கூர்மை. நாடி குறைவு என்று அட்ரோபினைத் தேடினால் பெரும்பாலும் பலன் இருக்காது. நாடி இதைவிட வேகமாக இருந்திருந்தால், அகலமான கியூஆர்எஸ்ஸைப் பார்த்து வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா என்று நினைத்து அமியோடரோனைக் கையில் எடுத்திருப்பீர்கள். அது இன்னும் ஆபத்து. கியூஆர்எஸ் அளவுக்கு மீறி அகலமாக, வேகம் அதற்கேற்ப இல்லாமல் இருந்தால் முதலில் பொட்டாசியத்தை நினையுங்கள்.

சரி, மருந்து. "பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டும், இன்சுலின் போடு" என்று ஆரம்பிப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. இன்சுலின் வேலை செய்யவே 10 முதல் 20 நிமிடம் ஆகும். இந்த இதயத்துக்கு அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. கால்சியம்தான் முதலில். 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லியை, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே, 3 முதல் 5 நிமிடத்தில் நரம்பில் செலுத்துங்கள். சில வழிகாட்டிகள் ஒரே தடவையில் 30 மில்லியை 10 நிமிடத்தில் கொடுக்கச் சொல்கின்றன.

நம்மவருக்கு முதல் 10 மில்லிக்குப் பிறகு 5 நிமிடம் காத்திருந்தும் கியூஆர்எஸ் 150லேயே நின்றது. இங்கே பலர் "கொடுத்தாயிற்று" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஈசிஜி மாறவில்லை என்றால் திரும்பக் கொடுக்க வேண்டும். இரண்டாவது 10 மில்லி முடியும்போது கியூஆர்எஸ் 110, நாடி 62, பி அலை மெல்லத் தலைகாட்டியது.

இப்போது பொட்டாசியம் எவ்வளவு? அதே 7.2தான். கால்சியம் இதயத் தசையைக் காப்பாற்றுகிறதே தவிர, பொட்டாசியத்தைத் தொடுவதே இல்லை. அதன் பாதுகாப்பு 30 முதல் 60 நிமிடம்தான். அந்த நேரத்துக்குள் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளியாக வேண்டும்.

அதற்கு ரெகுலர் இன்சுலின் 10 யூனிட் நரம்பில், கூடவே 25 கிராம் குளுக்கோஸ். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 100 மில்லி. வயலில் மில்லிக்கு 40 யூனிட்டா 100 யூனிட்டா என்று வாசித்து, அதற்குரிய சிரிஞ்சில்தான் எடுக்க வேண்டும். அவசரத்தில் இது மாறிப்போனால் டோஸ் இரண்டு மடங்குக்கும் மேல் தவறும்.

சர்க்கரை இறங்குவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும், குளுக்கோஸோ ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நம்மவருக்கு ஆரம்பச் சர்க்கரை வெறும் 126. இரண்டாவது மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறியது, சர்க்கரை 52. சர்க்கரை நோயாளி என்பதால் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. இப்படிப்பட்டவருக்கு முதல் டோஸுக்குப் பிறகு 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்பைத் தொடர்ந்து ஓட்ட வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மணிக்கொரு முறையாவது சர்க்கரை பார்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே சர்க்கரை 250க்கு மேல் இருந்தால் மட்டும் குளுக்கோஸ் இல்லாமல் இன்சுலின் போடலாம்.

சால்பியூட்டமால் நெபுலைசரில் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் 2.5 மில்லிகிராம் இங்கே போதாது, 10 முதல் 20 வேண்டும். இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவருக்குக் குறைவான அளவே நல்லது. பைகார்பனேட் எல்லோருக்கும் அல்ல, அமிலத்தன்மை கூடியிருந்தால்தான் உதவும். கொடுத்தாலும் கால்சியம் போகும் அதே லைனில் வேண்டாம், படிந்து அடைத்துக்கொள்ளும்.

இதுவரை ஒரு துளி பொட்டாசியம்கூட உடம்பை விட்டு வெளியேறவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எண் 6.1க்கு வந்ததும் வார்டே நிம்மதியாகிவிட்டது. இன்சுலினின் வேகம் 4 முதல் 6 மணி நேரத்தில் அடங்கும்போது பொட்டாசியம் திரும்ப ஏறும். அதற்குள் வெளியேறும் வழியைத் திறக்க வேண்டும். நம்மவர் தண்ணீர் வற்றிப் போனவர், அதனால் எடுத்தவுடன் ஃபுரோசமைடு கொடுப்பது தப்பு. முதலில் டிரிப். ரிங்கர் லாக்டேட்டில் பொட்டாசியம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அதில் லிட்டருக்கு 4 மில்லிமோல்தான், அவர் ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. நார்மல் சலைனை லிட்டர் லிட்டராக ஏற்றினால் அமிலத்தன்மை கூடிப் பொட்டாசியமும் ஏறக்கூடும்.

டிரிப் ஏறியும் சிறுநீர் வராவிட்டாலோ, ஈசிஜி திரும்பக் கெட்டாலோ டயாலிசிஸ்தான். அதனால் நெஃப்ராலஜிக்கு முதல் கால்சியம் போகும்போதே ஃபோன் போட்டுவிடுங்கள். பொட்டாசியத்தை 1, 2, 4, 6 மணி நேரங்களில் திரும்பப் பாருங்கள். நம்மவருக்கு நான்காவது மணி நேரத்தில் 5.8, சிறுநீர் 400 மில்லி, டயாலிசிஸ் தேவைப்படவில்லை. அப்புறம் ஒரு வேலை பாக்கி: மறுநாள் காலை மருந்துச் சீட்டில் எனலாப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்து, உங்கள் கையாலேயே அடித்துவிடுங்கள்.