மொய் நோட்டில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் பக்கத்து வீட்டுக் கல்யாணம் முடிந்த இரவு, மொய்ப் பணத்தை எண்ணிச் சரிபார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தம்பி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றிவிட்டான். ஊர், பெயர், தொகை என்று மூன்று பத்தி. கீழே மொத்தத் தொகை. "கணக்கு முடிஞ்சுது மாமா" என்றான். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கூட்டல் பிழை, கிழிந்த நோட்டு, கவரில் பெயர் எழுத மறந்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை அன்றைக்கே தெரிந்துவிடும். பத்து வருடம் கழித்துத் தெரிகிற தவறுகள்தான் உறவைக் கெடுப்பவை. நான் சொல்வது எங்கள் பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து வழக்கம். உங்கள் ஊரில் கொஞ்சம் மாறலாம்.

பழையதையும் புதியதையும் ஒரே தொகையாக எழுதுவது

மொய் என்பது ஒரு தடவை வாங்கி ஒரு தடவை கொடுத்து முடிகிற காரியம் இல்லை. ஆயிரம் வாங்கியவர் திருப்பிச் செய்யும்போது அந்த ஆயிரத்தோடு கொஞ்சம் புதிதாகச் சேர்த்துச் செய்வார். பழையது கடன் தீர்ப்பு. புதியது அவர் நம்மிடம் போட்டுவைப்பது. மேசையில் எழுதுகிறவருக்குத் தெரிவதோ மொத்தத் தொகை மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் அதைப் பிரித்து எழுதாவிட்டால் அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர். 2011-ல் எங்கள் பையன் காதுகுத்துக்கு 1000 ரூபாய் செய்தார். 2014-ல் அவர் புதுவீடு குடிபோனபோது நாங்கள் 2000 செய்தோம். 2017-ல் எங்கள் மகள் சடங்குக்கு அவர் 3000 செய்தார். எல்லாம் எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனால் வரவு தனித்தனி விசேஷ நோட்டுகளில் இருந்தது, நாங்கள் செய்தது ஒரு டைரியில் இருந்தது.

2023-ல் அவர் மகள் கல்யாணம். கிளம்புகிற அவசரத்தில் 2017 நோட்டையும் டைரியையும் மட்டும் எடுத்துப் பார்த்தேன். அவர் செய்தது 3000, நாம் செய்தது 2000, ஆகவே பாக்கி 1000. அதோடு புதிதாக 1000 சேர்த்து 2000 எழுதிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தோம். மனதுக்கு நிறைவாகவும் இருந்தது.

மறுவருடம் எங்கள் பையன் கல்யாணத்துக்கு அவர் வந்தார், சாப்பிட்டார், போட்டோவுக்கு நின்றார். மொய் எழுதவில்லை.

ஏன் என்று கேட்கவும் முடியவில்லை. ஒரு மாதம் கழித்து மனைவி அவர் வீட்டுக்குப் போனபோது அண்ணி சொல்லியிருக்கிறார்: "நீங்கதான் கணக்கை முடிச்சுட்டீங்களே." அன்று சாயங்காலமே எங்கள் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் அலமாரியிலிருந்து தன் நோட்டை எடுத்து, எங்கள் வீட்டுக்கான பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வீட்டுக்கு ஒரு பக்கம். அதில் இருந்ததை நம் பக்கமிருந்து பார்த்தால் இப்படி வரும்:

2011: வந்தது 1000. நாம் தர வேண்டியது 1000.
2014: செய்தது 2000. பழையது 1000, புதியது 1000. அவர் தர வேண்டியது 1000.
2017: வந்தது 3000. பழையது 1000, புதியது 2000. நாம் தர வேண்டியது 2000.
2023: செய்தது 2000. பழையது 2000, புதியது இல்லை.

கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. வாங்கியதை மட்டும் அப்படியே திருப்பினால், இனிமேல் போக்குவரத்து வேண்டாம், முடித்துக்கொள்வோம் என்று அர்த்தம். நான் 2014-ல் செய்த 2000-ல் பாதி பழைய கடன் என்பதை மறந்து, முழுவதையும் கழித்திருக்கிறேன். எழுதிவைத்திருந்தும் தவறிவிட்டது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

தவறு புரிந்தாலும் உடனே சரிசெய்ய முடியாது என்பது இதில் இன்னொரு கஷ்டம். சும்மா ஒரு நாள் வீட்டு வாசலில் போய் ஆயிரம் ரூபாயை நீட்டினால் அது மொய் ஆகாது, அவமானம் ஆகும். அவர் பேரனுக்குக் காதுகுத்து வைக்கும்வரை காத்திருந்து, மேசையில் "புதியது 1000" என்று சொல்லியே எழுத வைத்தேன்.

ஆகவே விசேஷ நோட்டு நாள்வழி மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளுக்குள் அதிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுங்கள். பேரேட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம், வந்ததும் போனதும் அதே பக்கத்தில், ஒவ்வொரு வரி முடிவிலும் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதிவிட வேண்டும். கிளம்பும்போது கடைசி வரியைப் பார்த்தால் போதும், கழித்துப் பார்க்க வேண்டாம். எக்செல்லும் இதற்கு நன்றாகவே உதவும், பழையது, புதியது, பாக்கி என்று மூன்று பத்தி கூட்டிக்கொண்டால். எழுதியது சரியா என்று பார்க்கவும் வழி உண்டு. அந்த வீட்டிலிருந்து வந்ததை எல்லாம் கூட்டி, நாம் செய்ததை எல்லாம் கழித்தால் கடைசி வரியில் இருக்கிற பாக்கிதான் வர வேண்டும். 2017 வரைக்கும் பாருங்கள்: வந்தது 4000, போனது 2000, பாக்கி 2000.

கொண்டுவந்தவர் பெயரில் எழுதுவது

வர முடியாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் கையில் மொய் கொடுத்தனுப்புவார்கள். மேசையில் இருக்கிற பையன் எதிரே நிற்பவரைப் பார்த்து அவர் பெயரையே எழுதிவிடுவான். செய்யாதவருக்கு நாம் திருப்பிச் செய்வோம், செய்தவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவோம். "யார் பேருக்குங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டு, ஊர், தெரு, தகப்பனார் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். ஊரில் நாலு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் வீட்டுப்பெயரையும் சேர்க்க வேண்டும். ஜிபேயில் வருவதும் இப்படித்தான். மகன் கணக்கிலிருந்து அப்பா அனுப்பியிருப்பார், திரையில் மகன் பெயர்தான் வரும். அன்றைக்கே போன் செய்து கேட்டு நோட்டில் ஏற்றிவிடுங்கள்.

மோதிரத்துக்கு விலை எழுதுவது

எடையை எழுதுங்கள். 2014-ல் ஒரு கிராம் மோதிரம் போட்டவர் மூவாயிரத்துக்குள் முடித்திருப்பார். 2024 கடைசியில் கிராம் ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது. நோட்டில் 3000 என்று இருந்தால் நாம் பணமாக மூவாயிரம் செய்வோம், அவர் வீட்டிலோ ஒரு கிராமை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள்.

தாய்மாமன் சீரை மொய்யோடு சேர்ப்பது

சீர் வேறு, மொய் வேறு. தனி நோட்டு போடுங்கள்.

பாகம் பிரித்தபின் பேசிக்கொள்ளலாம் என்று விடுவது

அப்பா பெயரில் வாங்கிய மொய்யை எந்த மகன் செய்வது என்பதை, பாகம் பிரிக்கிற அன்றைக்கே பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரும் செய்வார்கள், அல்லது இரண்டு பேருமே செய்ய மாட்டார்கள்.

ஒரே ஒரு நோட்டு

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கம் தென்னையைச் சாய்த்த ராத்திரி, கூரை போன வீடுகளில் மொய் நோட்டும் நனைந்து கூழானது. மை கரைந்த பக்கங்களை வெயிலில் காயவைத்து, விளிம்பில் தெரிந்த ஊர்ப்பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முயன்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். விசேஷம் முடிந்த இரவே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.