லாட்ஜ் ஊழியர்களுக்குச் சேவை விதி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

சின்ன லாட்ஜ்களில் சேவை விதி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டலின் வாசகத்தை எடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். “விருந்தினரின் எதிர்பார்ப்பை மிஞ்சும் சேவை வழங்கப்பட வேண்டும்” என்று முதல் வரி வரும். ரூம் பாய் இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அதில் ஒரு வேலையும் இல்லை, செய்கிற ஆளும் இல்லை.

“அறை தூய்மையாகப் பராமரிக்கப்பட வேண்டும்” என்ற வரியும் அப்படித்தான். அதை இப்படி மாற்றலாம்: “ஒருவர் காலி செய்ததும் பெட்ஷீட்டையும் தலையணை உறையையும் நாம் மாற்றுகிறோம், அழுக்குத் தெரியாவிட்டாலும். பாத்ரூம் தரையை உலரத் துடைக்கிறோம். ஃபேன், லைட், குழாய் மூன்றையும் போட்டுப் பார்த்த பிறகே சாவியை ரிசப்ஷனில் கொடுக்கிறோம்.” வேலை முடிந்ததா என்று இப்போது யாரும் போய்ப் பார்த்துச் சொல்லலாம். “நாம்” என்பதையும் கவனியுங்கள். “நாங்கள்” என்று எழுதினால் நிர்வாகம் ஒரு பக்கம், படிப்பவர் மறுபக்கம் என்று ஆகிவிடும். விருந்தினர் பார்ப்பதற்காக ரிசப்ஷனில் மாட்டி வைக்கும் பலகைக்கு “நாங்கள்” சரி.

அடுத்த தவறு, ஆள் எண்ணிக்கையைப் பார்க்காமல் நேரம் குறிப்பது. “கேட்ட 5 நிமிடத்தில் டவல்” என்று எழுதிவிடுவார்கள். இரவில் ரிசப்ஷனில் ஒரே ஆள்தான் இருப்பார். அவர் மூன்றாம் மாடிக்குப் போனால் கவுன்ட்டர் காலி. அதனால் முதலில் ஒரு வாரம், கேட்ட நேரத்தையும் கொடுத்த நேரத்தையும் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். 20 முறையில் 18 முறை 15 நிமிடத்துக்குள் போயிருந்தால் 15 என்று எழுதலாம். மீதி இரண்டும் எப்போது தாமதமாயின என்று பாருங்கள். அறைகள் ஒரே சமயத்தில் காலியாகும் காலை நேரம் என்றால், அதற்குத் தனி வரி: “காலையில் அரை மணி ஆகலாம். கேட்கும்போதே சொல்லிவிடுவோம்.” எட்டாத எண்ணை எழுதினால், ஒரே வாரத்தில் மொத்தத் தாளையுமே யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஊக்கம் கொடுப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. “நீங்களே எங்கள் சொத்து” என்று மேலே எழுதிவிட்டு, கீழே பத்து “கூடாது”, அப்புறம் சம்பளப் பிடித்தம் என்று போனால் எதை நம்புவது? எனக்குத் தெரிந்து ஊழியரை நிமிர வைப்பது, அவருக்குக் கொடுக்கும் அதிகாரம்தான். “தண்ணீர் வரவில்லை என்றால், அதே வாடகையில் வேறு அறை காலியாக இருக்கும்போது நீங்களே மாற்றிக் கொடுக்கலாம். மேலாளரிடம் பிறகு சொன்னால் போதும்.” அதிகாரத்தின் எல்லையும் அந்த வரியிலேயே இருக்கிறது, பாருங்கள்.

ஒட்டுவதற்கு முன், புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் தாளைப் படித்துக் காட்டி, “இரவு 11 மணிக்கு ஒருவர் கூடுதல் போர்வை கேட்கிறார், என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். அவர் தயங்கும் இடத்துக்கான வரியைத் திரும்ப எழுதுங்கள்.