மாதக் கடன் பேரேடு: நான் செய்த தவறும் இன்று பிறர் செய்வதும்

எங்கள் ஊரில் புதிதாக மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் இளைஞர் அண்மையில் தம் கடன் நோட்டை என்னிடம் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் பழைய பாக்கி அடிக்கப்பட்டு, அதன் மேல் புதிய பாக்கி எழுதப்பட்டிருந்தது. 1993இல் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அப்பாவின் கடைக்கு நான் போட்ட முதல் பேரேடும் அப்படித்தான் இருந்தது. கூட்டல் பிழை, எழுத மறப்பது போன்றவற்றை எவரும் பட்டுத் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வரவை எழுதாமல் பாக்கியை மட்டும் குறைப்பது

அதுவரை அப்பாவின் கணக்கு கம்பியில் குத்திய துண்டுச் சீட்டுகளில் இருந்தது. நான் நீள நோட்டு ஒன்று வாங்கி, வாடிக்கையாக மாதக் கடனில் வாங்கும் வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். வாங்கிய சரக்கைத் தேதியுடன் எழுதினேன். ஆனால் பணம் வந்தால், பாக்கியில் கழித்து மீதியை எழுதியதோடு நிறுத்திக்கொண்டேன். மீதி சரியாக இருந்தால் போதும் என்பது அப்போதைய என் எண்ணம்.

அந்த ஐப்பசியில் வடக்குத் தெருக் கொத்தனார் வீட்டுக்கு முன்பாக்கி 640 ரூபாய், அம்மாதச் சரக்கு 1,185, ஆக 1,825. மாதக் கடைசியில் என் நோட்டு 625 ரூபாய் பாக்கி என்றது. அவரோ 500, 300, 700 என மூன்று முறை கொடுத்ததாகவும், பாக்கி 325தான் என்றும் சொன்னார். நோட்டில் அடித்தல்களைத் தவிர வேறொன்றும் இல்லை. எந்தத் தேதியில், யார் கையில், எவ்வளவு வந்தது என்பதைக் காட்ட ஒரு வரிகூட இல்லை. இடையிடையே சரக்கும் ஏறியிருந்ததால், அடித்த எண்களைப் பின்னோக்கிக் கழித்தும் உண்மையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் நோட்டைத்தான் நம்பினேன். அவர் 625 ரூபாயையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார். அதன் பின் அந்த வீட்டார் எங்கள் கடைப்படி ஏறவில்லை.

பல மாதங்கள் கழித்து ஏரிக்கரையில் இருந்த இன்னொரு கொத்தனார் வீட்டு அம்மா வந்து, "தம்பி, என் கணக்குல முந்நூறு குறைச்சலா இருக்கு, நான் குடுக்கலியே" என்றார். அப்பா இரவில் "கொத்தனார் வீட்டுல முந்நூறு வந்துச்சு" என்று சொன்னதைக் கேட்டு, நான் தவறான பக்கத்தில் கழித்திருந்தேன். 300 ரூபாயை வடக்குத் தெருக் கொத்தனாரிடம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் கடைக்குத் திரும்பவில்லை. இன்றும் அதே முறையில் அடித்து எழுதிய நோட்டைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மறு மாதமே பக்கத்தைத் தேதி, விவரம், பற்று, வரவு, பாக்கி என ஐந்து கட்டங்களாகப் பிரித்தேன். வரவு ஒவ்வொன்றும் தனி வரி. யார் கொண்டுவந்தார், கடையில் யார் வாங்கினார் என்பது விவரக் கட்டத்தில் வரும். பக்கத் தலைப்பில் தொழிலோடு தெருவும் வீட்டு அடையாளமும் சேர்ந்தன.

மொத்தம் ஒத்துப்போனால் போதும் என்று நம்புவது

மாத முடிவில் எல்லா வீடுகளின் முன்பாக்கியோடு அம்மாதக் கடன் விற்பனையைக் கூட்டி வரவைக் கழித்தால், பக்கங்களில் உள்ள பாக்கிகளின் கூட்டுத்தொகை வர வேண்டும். முன்பாக்கி 21,460, விற்பனை 18,300, வரவு 16,750 என்றால் விடை 23,010. விடுபட்ட வரியையும் கூட்டல் பிழையையும் இது காட்டிக்கொடுக்கும். ஆனால் என் 300 ரூபாய்த் தவறை இது காட்டியிருக்காது. ஒரு பக்கத்தில் கூடியது மறு பக்கத்தில் குறைந்ததால் மொத்தம் மாறவே இல்லை. அதைப் பிடிக்க ஒரே வழி, வாடிக்கையாளர் கையில் ஒரு சிறு பற்று வரவு நோட்டு இருப்பதும், சரக்கும் பணமும் கைமாறும்போதே இரண்டிலும் எழுதுவதும்தான்.

பென்சில்

வேண்டாம். தவறு நேர்ந்தால் ஒற்றைக் கோடு இழுத்துக் கீழே புது வரியில் எழுதவும்.

பிள்ளைகள் வாங்கிப்போவது

வாங்கியவர் பெயரையும் எழுதவும்.

பழைய பாக்கியில் கையெழுத்து வாங்காமல் இருப்பது

தவணைக் காலம் பேசாமல் கடனாக விற்ற சரக்கின் விலைக்கு, சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அந்தக் கெடு முடிவதற்குள் வாடிக்கையாளர் ஒரு பகுதியைச் செலுத்தி, அதைத் தம் கைப்பட எழுதியோ கையொப்பமிட்டோ ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். கடைக்காரர் தாமே எழுதிய பேரேட்டு வரி மட்டும் ஒருவரைக் கடனாளி என்று நிறுவப் போதாது. வேறு சான்றும் வேண்டும். ஆகவே வரவு வரியின் ஓரத்தில் பணம் கொடுத்தவரின் கையொப்பத்தை அப்போதே வாங்கிவிடுகிறேன். கொத்தனார் வீட்டுப் பக்கத்தில் அப்படி மூன்று கையொப்பங்கள் இருந்திருந்தால், அன்று அவர் 325 ரூபாய் கொடுத்துவிட்டு, அடுத்த மாதச் சரக்குக்குச் சீட்டும் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.