சம்பந்தி வீட்டுக்குக் கடிதம்: ‘சூழ்நிலை’ என்று எழுதித் தப்பிக்காதீர்கள்

குரோம்பேட்டையில் இருக்கும் என் அத்தையின் மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு மாதத்துக்குள் மாமாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது. பெரம்பூர் பிள்ளை வீட்டாருக்கு அவருக்கு சர்க்கரை இருப்பது தெரியும், இது தெரியாது. கல்யாணப் பேச்சோ அதற்குள் எழுநூறு பேர், சனிக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன், ஞாயிறு காலை முகூர்த்தம் என்று வளர்ந்திருந்தது. சின்னதாக நடத்தலாம் என்று கேட்க அத்தை மகன் ஒரு கடிதம் எழுதி என்னிடம் காட்டினான்.

“எங்கள் குடும்பச் சூழ்நிலை காரணமாகத் திருமணத்தைச் சிம்பிளாக நடத்த விரும்புகிறோம். தாங்கள் பெரிய மனதுடன் ஒத்துழைக்க வேண்டுகிறோம்.”

மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் இதை அனுப்பியிருந்தால் கல்யாணமே சிக்கலாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் தவறு அந்தச் ‘சூழ்நிலை’. நிச்சயம் ஆன பிறகு பெண் வீட்டிலிருந்து இப்படி ஒரு சொல் வந்தால் எதிர்ப்பக்கம் சும்மா இருக்குமா? கடனில் மூழ்கிவிட்டார்களா, பெண்ணுக்கு இஷ்டம் இல்லையா, வேறு ஏதாவதா என்று நாலு அத்தைகள் போனில் ஆராய்ச்சி நடத்துவார்கள். நாம் சொல்லாமல் விட்ட இடத்தை அவர்கள் நிரப்பிக்கொள்வார்கள், அதுவும் நமக்குச் சாதகமாக நிரப்ப மாட்டார்கள். அதற்காக மருத்துவமனை ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து இணைக்கச் சொல்லவில்லை. நோயின் பெயரும், கல்யாணத்தின் எந்தப் பகுதியை அது தடுக்கிறது என்பதும் போதும்.

மாமா விஷயத்தில் அந்தத் தடை மிகத் தெளிவானது. அவருக்குச் செவ்வாய், வியாழன், சனி காலையில் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். முடித்து வரும் நாள் முழுக்க அசதி, எழுந்தால் சில சமயம் தலை சுற்றல். அதே சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை மேடையில் நின்று போட்டோவுக்குச் சிரிக்க முடியாது. ஆனால் மறுநாள் ஞாயிறு அவருக்கு ஓரளவு நல்ல நாள். ஆக, முகூர்த்தத்தைத் தள்ளிப்போடத் தேவையே இல்லை, ரிசப்ஷன் மட்டும்தான் இடிக்கிறது. ‘உடம்பு சரியில்லை’ என்று மொட்டையாக எழுதியிருந்தால், “குணமானதும் வைத்துக்கொள்ளலாமே, நாங்கள் காத்திருக்கிறோம்” என்று நல்லெண்ணத்தோடேயே பதில் வந்திருக்கும். அது குணமாகிற வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதைக் கடிதம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, பணக் கஷ்டத்தை நோய்க்குப் பின்னால் ஒளித்துவைப்பது. அத்தை வீட்டில் இரண்டும் இருந்தன. மகன் பணத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, கௌரவம் தடுத்தது. ஆனால் நோயை மட்டும் சொன்னால், “அப்பா வீட்டில் ஓய்வெடுக்கட்டும், ரிசப்ஷனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்வோம்” என்று வந்தால் என்ன சொல்வது? அப்போது போய்ப் பணத்தைப் பற்றிப் பேசினால் முதல் காரணமும் பொய்யாகத் தெரியும். இரண்டு காரணமும் இருந்தால் இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட வேண்டும். எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு கடன் என்ற கணக்கு வேண்டாம். “சிகிச்சைக்கு மாதாமாதம் பணம் போகிறது, கடன் வாங்கிக் கல்யாணம் நடத்த எங்களுக்கு விருப்பம் இல்லை” என்றால் யாருக்கும் புரியும்.

சரி, எதைக் குறைக்கக் கேட்பது? இங்கேதான் பலரும் தலைகளை மட்டும் எண்ணுகிறார்கள். சென்னையில் மண்டபத்தைப் பெரும்பாலும் முதல் நாள் மதியத்திலிருந்து மறுநாள் மதியம் வரை சேர்த்துத்தான் எடுக்கிறோம். எழுநூறு பேரை இருநூறாக்கினாலும் அந்த வாடகை குறையாது. எங்களுக்குச் சமையல்காரர் சொன்ன விலை ராத்திரி விருந்துக்கு இலைக்கு 450 ரூபாய். எழுநூறு இலை என்றால் அந்த ஒரு வேளைக்கே 3,15,000. அதோடு மேடை அலங்காரம், மெல்லிசை, கூடுதல் அறைகள். ஆளைக் குறைப்பதைவிட வேளையைக் குறைப்பதுதான் செலவைக் குறைக்கிறது. ரிசப்ஷன் இல்லையென்றால் ஞாயிறு அரை நாளுக்கு ஒரு மினி ஹால் போதும், காலை டிபன், மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். மாமாவின் உடம்பும் அதையேதான் கேட்டது.

‘சிம்பிள்’ என்ற சொல்லை நான் அடித்துவிட்டேன். பெரம்பூரில் சிம்பிள் என்றால் நானூறு பேராக இருக்கலாம், நமக்கு நூறாக இருக்கலாம். எண்ணைப் போட வேண்டும், அதையும் இரு வீட்டுக்கும் சமமாகப் போட வேண்டும். எங்கள் பக்கம் எண்பது, உங்கள் பக்கம் எண்பது. நம் பட்டியலைத் தொடாமல் அவர்களை மட்டும் குறைக்கச் சொல்வது போலத் தெரிந்தால் கடிதம் அங்கேயே செத்தது.

மகன் கடைசிப் பத்தியில் ஆடம்பரக் கல்யாணம் வீண் செலவு என்று ஒரு சின்னப் பிரசங்கமும் வைத்திருந்தான். பிள்ளை வீட்டார் தங்கள் மூத்த பெண்ணுக்குப் போன வருஷம்தான் ஊரே பேசும்படி கல்யாணம் செய்திருந்தார்கள். அந்தப் பத்தி கிழிந்தது.

இன்னொரு வரி அத்தையுடையது: “மிச்சமாகும் பணத்தை மாப்பிள்ளைக்கே செய்துவிடுகிறோம்.” ரிசப்ஷன் இல்லாத குறைக்கு ஈடு கட்ட நினைத்தார். கையில் பணம் இல்லை என்று மேலே எழுதிவிட்டுக் கீழே இப்படி எழுதினால் எதை நம்புவது? அதைவிட முக்கியம், கல்யாணத்துக்கு ஈடாகப் பணமோ நகையோ தருவதாக எழுதுவது வரதட்சணைப் பேச்சு. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தில் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். எழுத்தில் அப்படி ஒரு பேரத்தைத் தொடங்கி வைக்கவே வேண்டாம்.

எழுதியவன் மகன் என்றாலும் கையெழுத்து மாமாவும் அத்தையும் போட்டார்கள். சின்னவர்கள் பெயரில் போனால் அது பிள்ளைகளின் பிடிவாதமாகத் தெரியும். இரண்டு வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அதே வகைத் தவறு, சம்பந்தி யோசிக்கும் முன்பே அவருடைய மச்சான் பதில் போட்டுவிடுவார். அத்தை முதல் நாள் போனில், “ஒரு விஷயம் எழுதி அனுப்புறோம், நிதானமா படிச்சுட்டு சொல்லுங்க” என்று மட்டும் சொன்னார். மறுநாள் மகன் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தான். இதெல்லாம் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால். அட்வான்ஸ் போன பிறகு கேட்டால் அவர்கள் பணத்தையும் சேர்த்து இழக்கச் சொல்கிறோம் என்று ஆகிவிடும்.

கடைசியில் போன கடிதத்தின் நடுப்பகுதி இது:

“நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு எனக்கு டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறது. வாரம் மூன்று நாள், சனிக்கிழமையும் அதில் ஒன்று. அன்று மாலை என்னால் நிற்க முடியாது. சிகிச்சைச் செலவும் மாதாமாதம் இருப்பதால் கடன் வாங்காமல் நடத்த விரும்புகிறோம். அதனால் சனிக்கிழமை வரவேற்பை விட்டுவிட்டு, பேசிய அதே ஞாயிறு முகூர்த்தத்தில், இரு வீட்டுக்கும் எண்பது எண்பது பேராக நடத்தலாமா என்று கேட்கிறோம். தாலி கட்டும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. உங்கள் உறவினர்களுக்காக நீங்கள் தனியாக ஒரு நாள் விருந்து வைக்க நினைத்தால் எங்களுக்கு மகிழ்ச்சி, வைக்காவிட்டாலும் அப்படியே. எண்ணிக்கையில் மாற்றம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், பேசி முடிவு செய்வோம்.”

மூன்று நாள் சத்தமில்லை. அத்தை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது நாள் சம்பந்தி பேசினார், முதலில் பதினைந்து நிமிஷம் மாமாவின் உடம்பைப் பற்றித்தான். அப்புறம், “எண்பது எங்களுக்குப் பத்தாதுங்க, எங்க அம்மா பக்கமே நாற்பது பேர். தொண்ணூத்தஞ்சு வச்சுக்கலாமா?” என்றார். எங்கள் பட்டியலிலிருந்து பதினைந்து பேரை எடுத்தோம். அதில் ஒருவன் நான், பந்தி பரிமாறும் ஆள் கணக்கில் உள்ளே போனேன்.