ராஜகோபால் தீர்ப்பைச் சுருக்கும்போது சறுக்கும் இடங்கள்

அவதூறு பற்றிப் பத்திரிகைக்காரர்கள் வக்கீலிடம் கேட்கும்போது பெரும்பாலும் ஒரே தீர்ப்பில்தான் வந்து நிற்பார்கள். ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994 அக்டோபர் 7, உச்ச நீதிமன்றம். பத்திரிகை உலகில் அதற்கு ஆட்டோ சங்கர் வழக்கு என்று பெயர். "ஒரு பக்கத்துல சுருக்கிக் கொடுங்க, சாயந்திரம் கட்டுரை போகணும்" என்பார்கள். அந்த ஒரு பக்கத்தை எழுதும் வேலை ஜூனியரிடம் போகும். ஜூனியர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். நாங்கள் அந்த வயதில் சறுக்கிய அதே இடங்களில் இவர்களும் சறுக்குவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நீதிபதி பெயர், தேதி, பிரிவு எண் ஆகியவற்றில் வரும் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை எடிட்டர் கண்ணிலேயே பட்டுவிடும்.

யார் ஜெயித்தார்கள் என்று தொடங்குவது

நக்கீரன் இதழ் ஆசிரியர் தொடுத்த ரிட் மனு அது. தூக்குத் தண்டனைக் கைதியாகச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் தன் வாழ்க்கைக் கதையை எழுதியிருக்கிறார், அதில் அதிகாரிகள் சிலருக்கு அவரோடு இருந்த தொடர்பு வெளிவரப் போகிறது என்று இதழ் அறிவித்தது. சிறைத்துறைத் தலைமையோ, இப்படி ஒரு சுயசரிதை எழுதப்பட்டது என்பதே பொய், வெளியிட்டால் சட்ட நடவடிக்கை வரும் என்று கடிதம் அனுப்பியது. இதழ் நேராக உச்ச நீதிமன்றம் போனது.

"சுயசரிதையை வெளியிட நீதிமன்றம் அனுமதித்தது" என்று சுருக்கினால் அது தவறு. சங்கர் அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை. அவர் எழுதினாரா, வெளியிடச் சம்மதித்தாரா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. எழுதவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை என்று வைத்துக்கொண்டே தீர்ப்பு நகர்கிறது. பொது ஆவணங்களில் இருக்கும் அளவுக்கு அவர் வாழ்க்கையைச் சம்மதமில்லாமலே வெளியிடலாம். அதைத் தாண்டினால் அவருடைய அந்தரங்க உரிமைக்குள் கை வைத்தவர்கள் ஆகலாம், விளைவுக்கும் பொறுப்பு. இதுதான் முடிவு. ஜெயித்தது பாதி என்பதைச் சுருக்கத்தின் முதல் வரியே சொல்லிவிட வேண்டும்.

நீதிமன்றம் தொடாததை விட்டுவிடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

அந்தத் தீர்ப்பில் எல்லோரும் மஞ்சள் மையால் அடிக்கோடிடும் ஒரு பகுதி உண்டு. அரசு அதிகாரி ஒருவரின் அலுவல் கடமை சார்ந்த நடத்தையைப் பற்றி எழுதினால், எழுதியது உண்மையல்ல என்றாலும் அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. உண்மையைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் எழுதினார்கள் என்று அந்த அதிகாரிதான் காட்ட வேண்டும். எழுதியவர் தன் தரப்பில், நியாயமான அளவுக்குச் சரிபார்த்த பிறகே எழுதினேன் என்று நிரூபித்தால் போதும். எழுதியது உண்மை என்றே நிரூபிக்க வேண்டியதில்லை. பொய் என்று நிரூபணமாகி, அதன் பின்னால் வன்மமும் இருந்தால் மட்டும் தப்ப வழியில்லை.

ஜூனியர் இதைப் படித்ததும் உற்சாகமாகி எழுதுவார்: "அதிகாரிகளைப் பற்றி எழுதுவதற்கு முன் சரிபார்த்திருந்தால் போதும், உண்மை என நிரூபிக்கத் தேவையில்லை: உச்ச நீதிமன்றம்." ஒவ்வொரு வார்த்தையும் தீர்ப்பில் இருப்பதுதான். ஆனாலும் இதை நம்பி ஒரு நிருபர் கட்டுரை எழுதினால் மாட்டிக்கொள்வார். "நஷ்டஈடு" என்ற ஒரு சொல் அந்த வரியிலிருந்து விழுந்துவிட்டது.

மேலே சொன்ன பாதுகாப்பு முழுவதும் உரிமையியல் நீதிமன்றத்தில் பணம் கேட்டுப் போடும் வழக்குக்கானது. அவதூறு நம் நாட்டில் குற்றமும்கூட. அன்று அது இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் கிடைக்கலாம். கோட்பாடுகளை வரிசையாகச் சொல்லி முடித்த பிறகு, நீதிபதி ஜீவன் ரெட்டி தீர்ப்பின் கடைசிப் பகுதியில் தெளிவாகவே சொல்கிறார்: 499, 500 பிரிவுகள் மீது பேச்சுரிமைக்கு என்ன தாக்கம் என்பதற்குள் நாங்கள் போகவில்லை, அது தகுந்த வழக்குக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டே வாக்கியம். அடிக்கோடு அங்கே யாரும் போடுவதில்லை.

அந்தத் தகுந்த வழக்கு 2016 மே 13 அன்று முடிந்தது. சுப்பிரமணியன் சுவாமி, ராகுல் காந்தி, அரவிந்த் கெஜ்ரிவால் உள்ளிட்டோர் போட்ட மனுக்களில், இரண்டு பிரிவுகளும் செல்லும் என்று நீதிபதி தீபக் மிஸ்ரா அமர்வு தீர்ப்பளித்தது. நற்பெயர் என்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி, ஒருவரின் பேச்சுரிமைக்காக இன்னொருவரின் நற்பெயரைப் பலி கொடுக்க முடியாது என்பது அதன் அடிப்படை. உண்மையையே எழுதியிருந்தாலும், பொதுநலன் எதுவும் இல்லாமல் ஒருவரை இழிவுபடுத்த மட்டுமே எழுதியிருந்தால் அதுவும் அவதூறாகலாம் என்பதையும் அது ஏற்றுக்கொண்டது. 1994 தீர்ப்பைப் படித்த மனநிலையோடு இதற்குள் போகிறவர்களுக்கு இந்த இடம் தூக்கிவாரிப் போடும்.

நான் பார்த்த ஒரு சம்பவம். ஒரு மாவட்ட இதழின் நிருபர், சாலைப் பணியில் கமிஷன் கேட்டதாக ஒரு பொறியாளரைப் பற்றி எழுதினார். எழுதும் முன் அவர் கையில் இருந்தது ஒரு வக்கீல் அலுவலகம் கொடுத்த மேற்படி சுருக்கம். ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவரிடம் இருமுறை பேசினார், பொறியாளருக்கும் போன் செய்து கருத்துக் கேட்டார். "சரிபார்த்தாச்சு, போதும்" என்று நினைத்துக்கொண்டார். பேசிய ஆளிடம் எழுத்து மூலமாக எதுவும் வாங்கவில்லை, குரல் பதிவும் இல்லை. பொறியாளர் நஷ்டஈடு வழக்கே போடவில்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனிப்புகார் கொடுத்தார். சம்மன் வந்தது. செய்தி சொன்ன ஆள் பின்வாங்கிவிட்டார்.

அங்கே கணக்கே தலைகீழ். அவதூறுப் பிரிவே வரிசையாகச் சொல்லும் விதிவிலக்குகளுக்குள் தான் வருவதாகக் காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மீது. முதல் விதிவிலக்கைக் கேட்டால், எழுதியது உண்மை, வெளியிட்டது பொதுநலனுக்காக என்று இரண்டையும் காட்ட வேண்டும். இரண்டாவது விதிவிலக்கு அரசு ஊழியரின் அலுவல் நடத்தை பற்றிய கருத்தைக் காக்கும், ஆனால் "கமிஷன் கேட்டார்" என்பது கருத்தல்ல, தகவல். மிச்சம் இருப்பது ஒன்பதாவது: நல்லெண்ணத்தோடு பொதுநலனுக்காகச் சொன்னது. நல்லெண்ணம் என்றால் சட்டத்தின் கணக்கில் உரிய கவனத்தோடும் அக்கறையோடும் செய்தது. நிருபர் சரிபார்த்த வேலை வீணாகவில்லை, இங்கே உதவும். ஆனால் அதை விசாரணையில் சாட்சியம் போட்டு நிறுவ வேண்டும். அதுவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறிப் போக வேண்டும். இதை முன்பே சொல்லியிருந்தால் அவர் செய்தியைக் கைவிட்டிருக்க வேண்டியதில்லை. பேசிய ஆளிடம் ஒரு கையெழுத்தாவது வாங்கியிருப்பார்.

அதனால் என் அலுவலகத்தில் ஒரு வழக்கம். அவதூறுத் தீர்ப்பு எதைச் சுருக்கினாலும் "இந்தத் தீர்ப்பு முடிவு செய்யாதது" என்று ஒரு பத்தி கட்டாயம் வர வேண்டும். அதைத் தேடக் கடைசிப் பக்கங்களிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொல்வேன். "இதற்குள் போகவில்லை", "திறந்தே விடுகிறோம்", "வழக்குக்கு வழக்கு வளர வேண்டிய சட்டம்" போன்ற வரிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். 2016 தீர்ப்பிலும் இது உண்டு. மனுதாரர்கள் அவதூறு செய்தார்கள் என்று அது சொல்லவே இல்லை. சம்மனை எதிர்க்க விரும்பினால் உயர் நீதிமன்றம் போங்கள் என்று எட்டு வாரம் பாதுகாப்பு கொடுத்து அனுப்பிவிட்டது. "இன்னார் மீதான அவதூறு உறுதி" என்று தலைப்பு வைத்தால், அந்தத் தலைப்பே புது வழக்குக்கு விஷயமாகிவிடும்.

"சமன் செய்தது" என்று எழுதி முடிப்பது

"கருத்துச் சுதந்திரத்தையும் நற்பெயரையும் நீதிமன்றம் சமன் செய்தது." எந்த அவதூறுத் தீர்ப்புக்கும் பொருந்தும் வரி என்பதால் எந்தத் தீர்ப்பைப் பற்றியும் எதையும் சொல்லாத வரி. தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது, யார் எதை நிரூபிக்க வேண்டும் என்பதில்தான் தெரியும். 1994-இல் அலுவல் நடத்தை பற்றிய நஷ்டஈடு வழக்கில் சுமை அதிகாரி மேல் போனது; தராசு பத்திரிகை பக்கம். 2016-இல் குற்றவியல் சட்டம் அப்படியே நின்றதால் விதிவிலக்கின் சுமை எழுதியவர் மேலேயே இருக்கிறது. ஆனால் அவதூறு புகாரை எல்லாக் கோணத்திலும் ஆராய்ந்த பிறகே மாஜிஸ்திரேட் சம்மன் அனுப்ப வேண்டும் என்று அதே தீர்ப்பு கனமாகச் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டையும் எழுதினால் சமன் என்ற சொல்லே தேவைப்படாது.

முன்தடை இல்லை என்றால் பின்விளைவும் இல்லை என்று நினைப்பது

அரசோ அதிகாரியோ வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அதிகாரம் தரும் சட்டம் இல்லை என்றது ராஜகோபால் தீர்ப்பு. வெளிவந்த பிறகு வழக்குப் போடும் வழியை அது மூடவில்லை.

அதிகாரியின் வீட்டுக்குள்ளும் போகலாம் என்று எழுதுவது

போகக் கூடாது. அலுவல் கடமை சார்ந்த நடத்தை மட்டும்.

வக்கீல் வாதத்தைத் தீர்ப்பாக எடுத்துப்போடுவது

2016 தீர்ப்பில் வாதங்களே பக்கம் பக்கமாக ஓடும். நல்ல வரி கண்ணில் பட்டால், பேசுவது யார் என்று மேலே போய்ப் பாருங்கள்.

இத்தனையும் கழித்து, நிருபர் கைக்குப் போக வேண்டிய சுருக்கம் எனக்கு இப்படி இருந்தால் போதும்:

"பொது ஆவணத்தில் இருப்பதை, சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமலும் வெளியிடலாம், பாலியல் குற்றம், கடத்தல் போன்றவற்றுக்கு ஆளான பெண்ணின் அடையாளம் இதில் சேராது. அதிகாரியின் அலுவல் நடத்தை பற்றி நியாயமாகச் சரிபார்த்து எழுதியிருந்தால், அது தவறாகிப் போனாலும் அவர் நஷ்டஈடு பெற முடியாது. அரசோ உள்ளாட்சி அமைப்போ தனக்கு அவதூறு என்று நஷ்டஈடு வழக்குப் போட முடியாது. நீதிமன்ற அவமதிப்பு, சட்டமன்ற உரிமை மீறல் ஆகியவை தனி. குற்றவியல் அவதூறு பற்றி இந்தத் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அந்தச் சட்டம் செல்லும் என்று 2016-இல் முடிவாகிவிட்டது, அங்கே நிரூபிக்கும் சுமை உங்களுடையது. ஆகவே சரிபார்த்ததற்கான எழுத்து, பதிவு, தேதி எல்லாவற்றையும் வெளியிடும் முன்பே கோப்பில் வைத்திருங்கள்."